மூன்றாவது கூப்பன்

செய்யக்கூடாது என்று சொன்னதை மருதை ஒருநாளும் செய்யமாட்டார். செய்யவேண்டும் என்று சொன்னதைத்தான் யாராவது நினைவுபடுத்த வேண்டும். இந்த ரகத்தில் நம் ஊரில் ஆண்கள் நிறைய உண்டு. வீட்டில் ஒரு ஆள் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும்வரை இவர்களைப்போலப் பொறுப்பானவர்கள் உலகத்திலேயே கிடையாது.

மருதைக்கு அந்த ஆள் மகன் வளவன். ஸ்கூட்டரை வாங்கித் தந்தவனும் அவன்தான். துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் மருதை வெல்டர். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்து கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, பாதி நாள் நின்றுகொண்டே போய்வருகிற அப்பாவைப் பார்க்கச் சகிக்காமல், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே தன் பெயரில் புது வண்டி எடுத்துவிட்டான். ஷோரூமில் வாரன்ட்டியைக் கூடுதலாக இரண்டு வருஷம் நீட்டித்துத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கும் பணம் கட்டினான். மருதை அப்போதே முகத்தைச் சுளித்தார். நல்ல வண்டிக்கு எதற்கு வாரன்ட்டி, கெட்ட வண்டியை எதற்கு வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க" என்றான் வளவன், வண்டியை வாசலில் நிறுத்தி, அவன் அம்மா இருசம்மாள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது. "வெளிய எங்கயும் எக்ஸ்ட்ரா ஹாரன், லைட்டு மாட்டாதீங்க. ஒயர வெட்டினா வாரன்ட்டி போயிடும். காவிரித் தண்ணிக்குள்ள இறக்கிக் கழுவாதீங்க. என்ஜினுக்குள்ள தண்ணி போனா அதுவும் போயிடும். சீல் எதையும் பிரிக்காதீங்க."

"சர்வீஸு?"

"மூணு ஃப்ரீ சர்வீஸ் கூப்பன் இருக்கு. லேபர் மட்டும்தான் ஃப்ரீ, ஆயிலுக்கு நாம குடுக்கணும். கிலோமீட்டரோ மாசமோ, எது முதல்ல வருதோ அதுக்குள்ள விடணும். அதுக்கப்புறம் காசு குடுத்து பண்ற சர்வீஸும் அவங்ககிட்டயேதான் விடணும். அத நீங்க மண்டையில ஏத்திக்க வேணாம். டைம் வந்தா அவங்களே போன் பண்ணுவாங்க."

மருதை தடைகளை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டார். பட்டறையில் ஒருவன் சும்மா கிடக்கிற ஹாரனை மாட்டித் தருகிறேன் என்றபோது, "ஒயர்ல கைய வெச்சே, நடக்கறதே வேற" என்று எகிறினார். ஆடிப்பெருக்கன்று மற்றவர்கள் வண்டிகளைப் படித்துறைவரை இறக்கிக் கழுவ, இவர் மட்டும் வீட்டு வாசலில் ஈரத்துணியால் துடைத்தார். போன் வரும் என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான் காத்திருந்தார்.

முதல் இரண்டு கூப்பன்களையும் வளவனே புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு வண்டியை எடுத்துப்போய்க் கிழித்துக் கொடுத்தான். மூன்றாவதற்கு நாள் வருவதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். புத்தூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத் தட்டணுவுக்கு ஆள் பிடித்தார்கள், வந்தார்கள், கொடுத்தார்கள். இருபத்தாறு வயசுப் பிள்ளையை வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த வீட்டில் யாருக்கும் பேசவும் தெம்பில்லை.

அன்றிலிருந்து மருதை புத்தூர்ப் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரியும் சர்வீஸ் சென்டரும் ஒரே ரோட்டில் இருந்தன. வண்டியை எடுக்காமல் இருக்க வழியில்லை, வேலைக்குப் போகவேண்டும். திருவானைக்காவலில் பாலு என்று ஒரு மெக்கானிக் இருந்தான். தோன்றும்போது அவனிடம் ஆயில் மாற்றினார், பிரேக்கை இறுக்கினார். போன் வந்தால் கம்பெனியில் விடலாம் என்று நினைத்தார். போன் வரவில்லை. பையன் போனதோடு அதுவும் போயிற்று என்று விட்டுவிட்டார்.

வளவனின் செல்போனை இருசம்மாள் வைத்திருந்தாள். அவள் வீட்டிலிருந்தபடி புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவள். தையல் மிஷினின் இழுப்பறையில் அந்தப் போன் சார்ஜ் குறையாமல் கிடந்தது. அதில் அவன் போட்டோக்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளட்டும் என்று மருதையே அதற்கு ரீசார்ஜ் செய்துவந்தார். போட்டோ பார்க்க ரீசார்ஜ் எதற்கு என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்துவந்த ஒரே காரியம் அதுதான். வளவன் என்ற பெயரை அந்த வீட்டுக்குள் யாரும் உச்சரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கார்த்திகை மாசம் ஒருநாள் காலையில், திருவெறும்பூரைத் தாண்டும்போது என்ஜினில் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓரம் கட்டுவதற்குள் வண்டி தானாக நின்றது. கிக்கரை மிதித்தால் மிதிபடவே இல்லை. பாலு வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, என்ஜின் ஜாம். என்னால ஆகாது" என்று கையை விரித்தான்.

மருதைக்கு வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை என்ற நிலைமை. பட்டறையில் காலை ஷிப்டு ஆறு மணிக்கு. முழங்கால் போய்விட்டதால் பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை. புது என்ஜின் போடக் கையில் ஒன்றும் கிடையாது. ஆனால் அவருக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பையன் நீட்டிவைத்த வாரன்ட்டி இருக்கிறதே. செத்த பிள்ளை அப்பனுக்குச் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறானே என்று லோடு ஆட்டோவில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி அழுதுகொண்டே புத்தூர் போனார்.

வாரன்ட்டி பார்க்கும் ஜெயக்குமாருக்கு வளவன் வயசுதான் இருக்கும். மரியாதையான பையன். மறுநாள் என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு மருதையை வரச்சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டான்.

"ஐயா, பிஸ்டனும் சிலிண்டரும் தேஞ்சு ஒட்டிப்போச்சு. ஆயில் அளவே இல்ல. இருந்த கொஞ்சமும் தாரு மாதிரி கறுப்பா இருக்கு."

"அதெல்லாம் என்ஜின் தானே தம்பி? வாரன்ட்டியில வரும்ல?"

"என்ஜின் உள்பாகம் வரும். பிரேக் ஷூ, கேபிள், ஃபில்டர், பிளக் இதெல்லாம் வராது. பேட்டரிக்கும் டயருக்கும் அதச் செஞ்ச கம்பெனி பொறுப்பு. உங்களுக்கு ஓடின கிலோமீட்டர்ல பழைய வாரன்ட்டி முடிஞ்சிருச்சு, இப்ப நீட்டிச்சதுதான் நடக்குது. ஆனா அது நிக்கணும்னா ஒவ்வொரு சர்வீஸும் நேரத்துக்கு, கம்பெனி சென்டர்ல நடந்திருக்கணும். உங்க வண்டி ரெண்டாவது ஃப்ரீ சர்வீஸோட நின்னுருக்கு. மூணாவது கூப்பனே கிழிக்கல. அதுக்கப்புறம் பெய்டு சர்வீஸும் ஒண்ணுகூட இல்ல."

"நான் வெளிய ஆயில் மாத்தியிருக்கேன் தம்பி."

"வெளிய மாத்தினது கணக்குல வராதுங்கய்யா."

மருதைக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம் என்றுதான் அவர் நினைத்தார். "நீங்க போன் பண்றேன்னீங்கள்ல? டைம் வந்தா போன் பண்ணுவாங்கன்னு என் புள்ள சொன்னான். ஒரு போன் பண்ணியிருப்பீங்களா? ஒரே ஒரு போன்? பண்ணியிருந்தா நான் வுட்டிருக்க மாட்டேனா?"

ஜெயக்குமார் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "ஓனர் நம்பருக்கு நிறைய தடவை பண்ணியிருக்காங்கய்யா" என்றான். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த பெண்ணை அழைத்தான். "அக்னஸ், இந்த வண்டிக்கு நீங்கதானே பேசினது?"

அக்னஸ் எழுந்து வந்தாள். வண்டி எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வளவன் சார் வண்டியா? நீங்க அவங்க அப்பாவா சார்? வணக்கம் சார். அம்மா நல்லாருக்காங்களா? சாருக்குக் கல்யாணம் தையிலதான?"

மருதைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆள் மாறிப்போச்சு என்று நினைத்தார். வேறு வளவனாக இருக்கும், வேறு வண்டியாக இருக்கும். அப்படிச் சொல்லவும் செய்தார். தப்பான வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு என் தலையில் கட்டுகிறீர்களா என்று குரல் உயர்ந்தது. ஜெயக்குமார் பொறுமையாக, "பேசறது எல்லாம் ரெக்கார்டு ஆகும்ய்யா. நீங்களே கேட்டுக்குங்க" என்று ஒன்றைப் போட்டுக் காட்டினான்.

அக்னஸின் குரல்தான் முதலில் வந்தது. வளவன் சார் இருக்காரா, உங்க ஸ்கூட்டருக்கு மூணாவது ஃப்ரீ சர்வீஸ் டைம் முடியப்போகுது. பின்னால் தையல் மிஷின் ஓடி நின்றது. பிறகு இருசம்மாளின் குரல், பதறாமல், தெருவில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

"குளிச்சிட்டு இருக்கான்மா. வந்ததும் சொல்றேன்."

ஜெயக்குமார் அடுத்ததைப் போட்டான். "டூட்டிக்குப் போயிருக்கான்மா. அவனுக்கு இப்ப மேல வேலை குடுத்திருக்காங்க, லீவே கெடைக்கறதில்ல." அதற்கடுத்தது. "சாப்புட்டுத் தூங்கறான். எழுப்பட்டுமா? வேணாம், அலுத்து வந்திருக்கான்." கடைசியாக ஆவணி மாசம் ஒன்று. "பொண்ணு பாத்திருக்கோம்மா அவனுக்கு. நல்ல எடம். தையில வெக்கலாம்னு இருக்கோம். நீயும் வரணும். எம்புள்ளய மறக்காமக் கேக்கறவ நீ ஒருத்திதான்."

மருதை அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று ஒரு கணம் பயந்தார். இல்லை, இருசம்மாள் தெளிவான பொம்பளை. அமாவாசைதோறும் திதி கொடுக்கச்சொல்லி காவிரிக்கரை அம்மாமண்டபத்துக்கு அவரை அனுப்புகிறவளே அவள்தான். பிள்ளை செத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவனைக் கேட்டு ஒரு குரல் வந்ததும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். முதல் தடவை வரவில்லை. அப்புறம் அந்தக் குரலுக்காகவே காத்திருக்கத் தொடங்கியிருக்கிறாள்.

"வீட்ல உள்ளவங்க போன எடுத்துப் பேசியிருக்காங்க, வண்டிதான் வரல. கம்பெனி அப்படித்தான் பார்க்கும்" என்றான் ஜெயக்குமார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்கய்யா. வண்டி ஓனருக்கு பெரிய உடம்பு சரியில்ல, இல்ல வீட்ல ஏதாவது… அந்த மாதிரி இருந்தா, சலுகையா பாதியாவது பண்ணித்தாங்கன்னு மேல எழுதிக் கேக்கலாம். சர்டிபிகேட் வேணும். கொடுப்பாங்கன்னு உறுதி சொல்ல முடியாது. கேக்கலாம்."

அக்னஸ் இன்னும் சிரித்த முகமாக நின்றிருந்தாள். கல்யாணத் தேதிக்காகக் காத்திருந்தாள், பாவம்.

மருதை முழங்காலை நினைத்தார். ஆறு மணி ஷிப்டை நினைத்தார். ஒரு போனுக்காக என்ஜினை விடமுடியுமா, இது என்ன விளையாட்டு, ஒருநாள் முடியவேண்டியதுதானே என்று மனசைத் தேற்றினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் இருந்தது. ரேஷன் கார்டுக்கும் பேங்குக்கும் கொடுத்துக் கொடுத்துப் பழகிய காகிதம். அதை விரித்து மேசைமேல் வைத்தார்.

"ஓனர் இல்ல தம்பி. செத்துட்டான். இந்த ரோட்டு ஆஸ்பத்திரியிலதான்."

அக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜெயக்குமார் எழுந்து நின்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே. காகிதத்தை ஸ்கேன் செய்தான். வண்டியை வாரிசுப் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றான். பேசுவதற்கு உங்கள் எண்ணைப் போட்டுவிடவா என்று கேட்டான்.

"போடுங்க. அந்த நம்பருக்கு இனிமே கூப்பிட வேணாம்" என்றார் மருதை.

வீட்டுக்கு வந்து மருதை ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்கள், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். இருசம்மாள் தலையைக் குனிந்தபடி ஃபால்ஸ் தைத்தாள். ஏன் வாரன்ட்டி கிடைப்பது சந்தேகம் என்று அவள் கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தார். தெரிந்துதான் கேட்கவில்லை என்று புரிந்தது. சண்டை போட வாய்வரை வந்தது, ரெக்கார்டில் கேட்ட அந்தக் குரலை நினைத்து விழுங்கிக்கொண்டார். அத்தனை சாந்தமான குரலை அவர் வீட்டில் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

அடுத்த வாரம் முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனார். இரண்டு நாள் ஷிப்டுக்குத் தாமதம், மேஸ்திரியிடம் ஏச்சு. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவருடைய போன். கையில் சோறு இருந்ததால் இருசம்மாள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மருதை சாருங்களா? புத்தூர் சர்வீஸ் சென்டர்லேர்ந்து அக்னஸ் பேசறேன்."

குரலைக் கேட்டதும் இருசம்மாள் போனை இன்னும் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டுக்கொண்டிருப்பது அக்னஸுக்குத் தெரியாது. அவள் சொல்லவேண்டியதைச் சொன்னாள். கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. இறந்ததற்கு வருந்துகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சர்வீஸ் நடக்கவில்லை, ஆயில் குறைவால் வந்த சேதம், ஆகவே வாரன்ட்டியில் வராது. நீட்டித்ததும் ரத்து. என்ஜினை மாற்றுவதென்றால் முழுச் செலவும் மருதையுடையது. "மன்னிச்சிருங்க சார்" என்றாள். பிறகு, அவள் வேலைக்குத் தேவையில்லாத ஒன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மாவ நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க சார்."

இருசம்மாள் போனை வைத்தாள். மருதை சோற்றுக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க நம்பருக்கு ஏன் வந்துச்சு?"

"மாத்திக் குடுத்துட்டேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் தலையசைத்தார். "சொன்னா என்ஜினு கெடைக்கும்னாங்க இருசு. பாதியாவது."

இருசம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வண்டி என்னாலதான் போச்சு. எனக்குத் தெரியும். இன்னிக்கு உங்ககிட்டச் சொல்லிடணும், நாளைக்குச் சொல்லிடணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். சொன்னா நீங்க போயி சர்வீஸ் விட்டுருவீங்க, அங்க கேப்பாங்க, அவன் இல்லேன்னு தெரிஞ்சிரும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஊரு பூராவுக்கும் அவன் செத்துட்டான். சொந்தக்காரங்களுக்குச் செத்துட்டான், ஆபீசுக்குச் செத்துட்டான், ரேஷன் கார்டுல பேர எடுத்தாச்சு. நீங்களும் நானும் அவன் பேர வாயில வெக்கறதில்ல. அங்க ஒரு எடத்துலதான் இருந்தான். குளிச்சான், சாப்புட்டான், வேலைக்குப் போனான். அங்கயும் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்களே."

மருதையால் அழாமல் இருக்க முடியவில்லை. என்ஜினும் இல்லை, அந்தப் போனும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னார். பையனை இரண்டாம் தடவை தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. சோறு காய்ந்து கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவ எழவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"வளவனுக்குப் பாத்த பொண்ணு எந்த ஊருன்னு சொன்ன?"

இருசம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்தாள். இல்லை.

"லால்குடி" என்றாள்.

"என்ன படிச்சிருக்கு?"

"பி.காம்." அவள் குரல் மெல்ல ரெக்கார்டில் கேட்ட குரலாக மாறியது. "செவப்பு இல்ல, மாநிறம்தான். ஆனா களையான முகம். இவன்தான் மொதல்ல வேணாம் வேணாம்னான். அப்பறம் போன்ல பேசிப் பாத்துட்டு சரின்னுட்டான்."

"திருட்டுப்பய" என்றார் மருதை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாரு."